பாறை மேல் போட்ட சேணம்

இரட்டைமூக்குக் கணவாயின் ஊமைப் பாறை நாளைக்குக் கேட்கப்போகும் சத்தத்தை இன்றைக்கே சொல்ல ஆரம்பித்தது ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. கல்லுமேட்டு ஜனங்கள் அதற்கு ஆச்சரியப்பட்டது அன்று சாயங்காலம் வரைக்கும்தான், ஏனென்றால் புதன்கிழமை அவர்களுக்குச் சந்தை இருந்தது.

முதலில் கேட்டவன் ஆட்டு வியாபாரி ஒருவன். பாறையில் சாய்ந்து பீடி பற்றவைத்தபோது, தன் குரலே தன் மாமியாரைத் திட்டுவது அவன் காதில் விழுந்தது. மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் மாமியார் வந்து சேர, அதே வார்த்தைகளை ஒன்று விடாமல் திட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அப்புறம் ஊர் அதைப் பழக்கிக்கொண்டது, புதுக் கிணற்றைப் பழக்கிக்கொள்கிற மாதிரி. கணவாய்க்குள் எழும் சத்தம் எதுவானாலும் சரியாக ஒரு நாள் முன்னால் பாறையில் கேட்கும். பாறையில் காதை ஒட்டவைத்தால்தான் கேட்கும். கணவாய்க்கு வெளியே நடப்பது கேட்காது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு, டீக்கடை அமீர் பாய் தன் கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, நாளைக்கு ஏழரை பஸ் எட்டேகாலுக்குத்தான் ஹாரன் அடிக்கும், மத்தியானம் மூன்று மணிக்கு இடி, நான்கு மணிக்குக் கல்யாண மேளம் ஒன்று கடந்து போகும், யார் வீடு என்று தெரியவில்லை என்று எழுதிப்போட, ஊர் அதைப் படித்துவிட்டுக் குடையோடும் பொறுமையோடும் வீட்டை விட்டுக் கிளம்பியது. பெண் பார்க்க வருகிறவர்கள் கணவாயைக் கடக்கும்போது வாயைத் திறக்காமல் வந்தார்கள். வேறு பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

பழக்கிக்கொள்ளாதது ஒன்றே ஒன்றுதான். கணவாயைக் காப்பதற்காகவே அங்கே கூடாரம் போட்டிருந்த வடமலை நாட்டுக் குதிரைப்படை.

இதை நினைத்தால் நாச்சியாருக்குக் கோபம் வரும். நாச்சியாருக்கு வயது இருபத்தாறு. படையின் தொலைபேசிப் பிரிவில் ஹவில்தார். கணவாய்ச் சாவடியில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலைமையகத்துக்கும் குதிரை லாயத்துக்கும் நடுவே கம்பியைச் செருகிப் பிடுங்குகிற வேலை. கணவாய்க்கு அந்தப் பக்கம் கீழ்மலையார்கள். மூன்று வருஷமாகச் சண்டை இல்லை, சமாதானமும் இல்லை. தினமும் காலை ஆறு நாற்பதுக்குப் பதினான்கு குதிரைகள் ரோந்து போகும், கணவாயை நீளவாக்கில் கடந்து மறுமுனையிலுள்ள தங்கள் தீவனச் சாவடியைத் தொட்டுத் திரும்பும். முப்பது வருஷமாக ஆறு நாற்பது. கீழ்மலையார் ஒரு நாள் வருவதாக இருந்தால் ஆறு நாற்பதுக்குத்தான் வருவார்கள் என்று நாச்சியாருக்குத் தெரியும். அந்தப் பதினான்கில் முதல் குதிரை மேல் சீட்டியடித்துக்கொண்டு போகிறவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சுடலைமுத்து என்பதால், அந்தக் கணக்கை அவள் தினமும் காலையில் போட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, பாறை சொல்லுதுல்ல, நாளைக்கு அங்க யாரும் இல்லன்னு. பிறகு எதுக்குப் போய்ப் பாக்கணும்?"

"ஏட்டி, பாறை சொல்லுதுன்னு நான் லாயத்துல படுத்துக்கிடந்தா என்னைக் குதிரைக்காரன்னு எவன் சொல்லுவான்?"

"குதிரைக்காரன்னு சொல்றதுக்காகச் சாகணுமா?"

"வேற எதுக்குச் சாவாவ?" என்று சிரித்துவிட்டு, குதிரையின் பிடரியைத் தட்டினான் சுடலைமுத்து. "போனை எடு. மணி அடிக்கி."

கோபப்படுவது நாச்சியாருக்குச் சுலபம். ஆனால் அதைவிடவும் பெரிய வியாதி ஒன்று அவளுக்கு இருந்தது: ஏன் என்று கேட்பது. முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. லாயத்தில் அறுபது அதிகாரிகள் இருக்கிறார்கள், அறுபது பேரும் எப்படி ஒரே நேரத்தில் முட்டாளாக முடியும்? வீட்டுக்குப் போனால் அவர்களே அமீர் பாய் பலகையைப் பார்த்துத்தான் துணி காயப்போடச் சொல்கிறார்கள். சீருடையைப் போட்டதும் காது அடைத்துக்கொள்கிறதென்றால், அடைக்கிறது காதில் இல்லை, சீருடையில் எங்கேயோ இருக்கிறது. அது எங்கே என்று அவள் தேட ஆரம்பித்தாள்.

முதலில் அகப்பட்டது ஒரு படிவம். ரோந்து அறிக்கைப் படிவத்தின் தலையில், 'குதிரை மேலிருந்து கண்டது' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பன்னிரண்டு கட்டம். கேட்டதற்குக் கட்டம் கிடையாது. ஒரு நாள் பாறையில் லாரிச் சத்தம் கேட்டு அவள் தொலைபேசியில் சொன்னபோது, தலைமையகத்து எழுத்தர் நல்ல மனிதர், நிஜமாகவே உதவ நினைத்து, "அம்மா, இதை எந்தக் கட்டத்துல போட? குதிரை நெறம்னு ஒண்ணு இருக்கு, அதுல போடவா?" என்று கேட்டார். போட இடமில்லாத செய்தி மேலே போகாது. மேலே போகாத செய்தியைப் பற்றி மேலே யாரும் யோசிக்க மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை பாறை பேசவே இல்லை.

இரண்டாவது அகப்பட்டதும் முதலாவதைப் போலவே பெரியது. பாறைக்குக் காது கொடுக்க ஆள் வேண்டும் என்று அவள் கெஞ்சிக் கேட்டு, ஒருவழியாக உத்தரவு வந்தும், இளம் லெப்டினன்ட்டுகளில் ஒருவன்கூடப் பெயர் கொடுக்கவில்லை. ஒருவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டபோது அவன் வெட்கப்படாமல் சொன்னான்: "அக்கா, கேப்டன் ஆகணும்னா முந்நூறு ரோந்து போயிருக்கணும். நான் உங்க பாறைக்குப் பக்கத்துல ஒரு வருஷம் உக்காந்தா என் கணக்குல ஒரு ரோந்துகூட ஏறாது. என் கூட வந்தவன் கேப்டன் ஆயிருப்பான், நான் அவனுக்கு சல்யூட் அடிக்கணும். பாறை நல்ல பாறைதான், இல்லைன்னு சொல்லலை." அங்கே யாருமே முட்டாள் இல்லை என்று நாச்சியாருக்கு அப்போது புரிந்தது. ஒவ்வொருவனும் தன் தன் இடத்தில் புத்திசாலியாகத்தான் இருந்தான். அத்தனை புத்தியும் சேர்ந்துதான் படையைச் செவிடாக்கியிருந்தது.

மூன்றாவதாக வந்தது பரிசோதனை. தலைமையகத்து ஆயுதப் பரிசீலனைக் குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் குதிரைப்படை. வடமலைப் படையில் எந்தப் புதுப் பொருள் வந்தாலும், துப்பாக்கியோ தண்ணீர்ப் பையோ, தலைநகரத்து அணிவகுப்பு மைதானத்தில் வைத்துத்தான் சோதிப்பது வழக்கம். ஆகையால் பாறையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு துண்டை உளியால் பெயர்த்து, பன்னிரண்டு குதிரைகள் பூட்டிய வண்டியில் ஏற்றி, ஒன்பது நாள் இழுத்துக்கொண்டு போய், மைதானத்தின் நடுவில் செம்மண் மேல் நிறுத்தி, ஐந்து பேரும் வரிசையாக நின்று முறை வைத்துக் காதை ஒட்டவைத்தார்கள். கல் பேசவில்லை. கணவாயை விட்டுப் பிடுங்கிய கல் எப்படிப் பேசும்? ஓடுகிற நீரை ஒரு குடத்தில் மொண்டு வைத்துக்கொண்டு, இது ஓடவில்லையே என்று கேட்டால் யார் பதில் சொல்வது? 'முறைப்படி சோதித்ததில் தேறவில்லை' என்று ஐந்து கையெழுத்தோடு கடிதம் வந்தது. நாச்சியார் அதை ஏழு தடவை படித்தாள். ஒரு வரியில்கூடப் பொய் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவள் நேரே கர்னல் சங்கரலிங்கத்தின் கூடாரத்துக்குப் போனாள். குதிரைப்படைக்கே அவர்தான் தலை. நடக்கும்போதும் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் மாதிரியே நடப்பார்.

"ஐயா, இது பரிசோதனையா? மீனைக் கரையில போட்டு நீச்சல் தெரியுமான்னு பாக்கறாங்க."

கர்னலுக்குக் கோபம் வரவில்லை. உட்காரச் சொன்னார். ஒரு ஹவில்தாரை அவர் உட்காரச் சொன்னது லாயத்தில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

"நான் லெப்டினன்ட்டா இருந்தப்போ கண்ணாடின்னு ஒண்ணு வந்தது. வெயிலைக் கண்ணாடில வாங்கி மலைக்கு மலை பளிச் பளிச்னு சேதி அனுப்பறது. உன்னை மாதிரியே ஒரு கெட்டிக்காரன் கொண்டுவந்தான். எல்லாச் சோதனையிலயும் தேறிச்சு. அதை நம்பி பத்தொன்பது பேரை மேல் முனையில நிறுத்தினேன், பின்வாங்கணும்னா கண்ணாடில சொல்றேன்னு. அன்னைக்கு மேகம்." அவர் மேஜை மேலிருந்த சவுக்கை நேராக வைத்தார். "பத்தொன்பது பேரும் வெளிச்சம் வரும்னு பாத்துக்கிட்டே நின்னாங்க. நீ பாறை எப்பப்ப பேசும்னு சொல்றே. எப்பப்ப பேசாதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டதே இல்லை. புதுசு கொண்டுவருகிறவர்கள் யாரும் அந்தக் கேள்வியைத் தாங்களாகக் கேட்டுக்கொள்வதில்லை, அவர்களுக்கு அது சொந்தப் பிள்ளையின் குறையைக் கேட்கிற மாதிரி.

"தெரியாதுய்யா."

"தெரிஞ்சுக்கிட்டு வா."

அன்றைக்கு அவள் ஒரு நோட்டுப் போட்டாள். இடது பக்கத்தில் பாறையில் என்ன கேட்டது, எத்தனை மணிக்கு. வலது பக்கத்தில் அது என்னவென்று அவள் நினைத்தது. அதற்கும் கீழே மறுநாள் நிஜமாக என்ன நடந்தது. தப்பானதைச் சிவப்பு மையால் எழுதினாள். துப்பாக்கி என்று அவள் எழுதியது பஸ் டயர் வெடித்ததாக இருந்தது. படை நடக்கிற சத்தம் என்று எழுதியது, ஆடிப் பூசைக்குப் போன காவடிக் கூட்டம். மழை பெய்து பாறை நனைந்திருக்கிற நாட்களில் அது பேசாமல் கிடந்தது, அதையும் எழுதினாள். பாறை எல்லாச் சத்தத்தையும் ஒரே இடத்திலிருந்துதான் சொல்லும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் எழுப்பினது என்று சொல்லாது, அதையும் எழுதினாள். "உன் குத்தத்தை நீயே எழுதி வைக்கறே. நாளைக்கு அவன் எடுத்து உனக்கெதிராவே படிப்பான்" என்று அமீர் பாய் எச்சரித்தார். "படிக்கட்டும் பாய்" என்றாள் அவள். சிவப்பு மை சீக்கிரம் தீர்ந்துபோனது. அவள் இன்னொரு புட்டி வாங்கினாள்.

ஆனால் நோட்டு ஒன்று மட்டும் படையை நகர்த்தாது. நகர்த்தியவர் மேஜர் தளவாய்நாதன். இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர், வடமலைப் படை கடைசியாகச் செய்த பெரிய குதிரைப் பாய்ச்சலில் முதல் ஆளாகப் பாய்ந்து பதக்கம் வாங்கியவர். அவர் ஒரு நாள் சாவடிக்கு வந்து நோட்டின் சிவப்புப் பக்கங்களை மட்டும் புரட்டிப் படித்தார்.

"கறுப்பை மட்டும் எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "சரி, இனிமே நீ வாயைத் திறக்கக் கூடாது. நான்தான் பேசுவேன்."

"ஏன்? கண்டுபிடிச்சது நான்."

"அதனாலதான். நீ சொன்னா, குதிரை ஏறத் தெரியாத டெலிபோன் பொண்ணு குதிரை வேண்டாம்ங்கறான்னு சொல்லுவாங்க. என்னைப் பாத்து எவன் சொல்லுவான்? ரெண்டு விரலைக் காட்டுவேன்."

"ரெண்டு விரல்தான் இல்லையே ஐயா."

"இல்லாததைத்தான் காட்டுவேன்."

அநியாயம் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது நினைத்தாலும் அநியாயம்தான். ஆனால் மேஜர் செய்ததை அவள் ஒரு கண் சிமிட்டாமல் பார்த்துக் கற்றுக்கொண்டாள், திருடனைப் பார்த்துப் பூட்டுச் செய்யக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி. அவர் குதிரைக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. ரோந்தின் வேலை என்ன என்று மட்டும் போகிற இடமெல்லாம் கேட்டார். குதிரை ஓட்டுவதா, எதிரி எங்கே என்று தெரிந்துகொள்வதா? இரண்டாவது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, அப்படியென்றால் பாறையும் ரோந்துதான் என்றார். பிறகு ஒரு பழைய சேணத்தைக் கொண்டுவந்து பாறையின் தோளில் போட்டு வாரால் இறுக்கிக் கட்டினார். கேட்கிறவர் சேணத்தில் உட்கார்ந்து, குனிந்து, குதிரையின் கழுத்தில் சாய்கிற மாதிரி பாறையில் காதை வைக்க வேண்டும். படிவத்தில் 'குதிரை மேலிருந்து' என்றுதானே இருக்கிறது. சேணத்தின் மேலிருந்து வருகிற செய்தியை எந்த எழுத்தர் தடுப்பார்? தலைமையகத்து எழுத்தர் மிகுந்த நிம்மதியோடு பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பினார். குதிரையின் நிறம்: சாம்பல்.

அடுத்து அவர் தலைநகரத்துக்குப் போய், படை மந்திரியின் அலுவலகத்தில் நான்கு நாள் காத்திருந்து, ஒரே ஒரு வரி உத்தரவு வாங்கி வந்தார். மந்திரி பாறையை நம்பினாரா என்பது யாருக்கும் தெரியாது. தளபதிகளுக்குத் தெரியாமல் தனக்கு ஒன்று தெரிகிறது என்பது அவருக்குப் பிடித்திருந்தது. சேணத்தில் ஒரு முறைக் காவல் இருந்தால் ஒரு ரோந்து போன கணக்கு. அவ்வளவுதான் உத்தரவு. மறு வாரமே இருபத்துமூன்று லெப்டினன்ட்டுகள் பெயர் கொடுத்தார்கள், முன்பு வெட்கப்படாமல் பேசினவன் முதல் ஆள். நாச்சியார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் அவளுக்கு சல்யூட் அடிக்கவில்லை, ஆனால் சிவப்பு மையைத் தொட்டு எழுதினார்கள்.

மூன்றாவதாக, மேஜர் சோதனையைக் கணவாய்க்கே கொண்டுவந்தார். நீலத்துணி கட்டினவர்கள் ஒளிந்து வர வேண்டும், மஞ்சள்துணி கட்டினவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் குதிரை ரோந்து தேடும், ஒரு வாரம் சேணம் தேடும். நடுவர்களாகக் குதிரைப்படையிலிருந்து யாரையும் போடாமல், பீரங்கிப் படையிலிருந்து மூன்று பேரைப் போட்டார். பீரங்கிக்காரர்களுக்குக் குதிரைக்காரர்களைப் பிடிக்காது, பாறையையும் பிடிக்காது, ஆகையால் நியாயமாக இருந்தார்கள். ஏழு நாளில் ரோந்து இரண்டு தடவை கண்டுபிடித்தது, சேணம் ஆறு தடவை. தவறிய ஏழாவது நாள் மழை. அதையும் மேஜர் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டார்.

இப்படித்தான் படை பாறையை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு என்ன செய்தது என்கிறீர்களா? சேணத்தில் ஆள் உட்கார்ந்தான், நாளைக்கு ஆறு நாற்பதுக்குக் கணவாயில் எதிரி இல்லை என்று எழுதினான், மறுநாள் ஆறு நாற்பதுக்குப் பதினான்கு குதிரைகள் எதிரி இருக்கிறானா என்று பார்க்கப் போயின.

நாச்சியார் தலையில் அடித்துக்கொண்டாள். புதுக் காதை வாங்கிப் பழைய தலையில் ஒட்டவைத்தால் இப்படித்தான். எதிரி வருவது ஒரு நாள் முன்பே தெரியுமென்றால் கணவாய்க்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. குதிரையை விட்டு இறங்கி, துப்பாக்கியோடு மேலே முகட்டில் படுத்துக்கொள்ளலாம், வருகிறவன் கீழே வந்து மாட்டுவான். இதைச் சொன்னபோது மேஜரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்பது என்றால் ஒரு சேணத்தோடு போயிற்று. இறங்குவது என்றால் அறுநூறு குதிரை, லாயம், லாடக்காரன், பாய்ச்சல், பதக்கம், அப்பா பேர் எல்லாம் போயிற்று.

"இறங்கிப் படுத்துக்கிடக்கவா?" என்றான் சுடலைமுத்து. "பூரானாட்டி நான்?"

"பூரான் செத்துப்போறதில்ல அண்ணே, சீட்டியடிச்சுக்கிட்டு."

அவன் அதற்கு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாவது குறிப்பு, ஐப்பசி மாதத்து வெயில் காலை. நாச்சியாரே சேணத்தில் இருந்தாள். தினமும் ஆறு நாற்பதுக்கு அவளுக்குப் பிடித்தமான ஒரு விநோதம் நடக்கும்: வெளிக் காதில் இன்றைய பதினான்கு குதிரைகளின் குளம்புச் சத்தம், பாறையில் ஒட்டிய காதில் நாளைய பதினான்கு குதிரைகளின் குளம்புச் சத்தம், இரண்டு காதிலும் அண்ணனின் சீட்டி. அன்றைக்கு ஒரு காதில் இன்றைய குதிரைகள் பத்திரமாகக் கடந்து போய்க்கொண்டிருக்க, இன்னொரு காதில் சீட்டி நடுவில் அறுந்தது. ஒரு வெடி. நூறு வெடி. குதிரைகள் கத்தின. ஆட்கள் கத்தினார்கள். பதினொரு நிமிஷம். அப்புறம் காற்று.

அவள் எழுதி முடித்துவிட்டுத்தான் அழுதாள். நோட்டை எடுத்துக்கொண்டு கர்னலின் கூடாரத்துக்கு ஓடினாள். மேஜர் அங்கே இருந்தார். திரும்பி வந்த ரோந்தின் தலைவன் என்ற முறையில் சுடலைமுத்துவும் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

கர்னல் இரண்டு தடவை படித்தார். "இதுவரைக்கும் எத்தனை தப்பு?"

"இருநூத்துப் பன்னிரண்டுல முப்பத்தோரு தடவை, கேட்டதுக்கு நான் சொன்ன அர்த்தம் தப்புய்யா. சத்தம் ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. மழையில்லாத நாள்ல ஒரு தடவைகூட."

"நாளைக்கு ரோந்தை நிறுத்திட்டா?" என்றார் மேஜர்.

"நிறுத்த முடியாதுய்யா. கேட்ட சத்தம் கேக்காமப் போனதே இல்லை. நிறுத்தணும்னு நெனைச்சாலும் ஏதோ ஒண்ணு நடந்து குதிரை போயிரும். நெனைக்காம நடக்கறதைவிட நெனைச்சு நடத்தறது மேல்."

கர்னல் முப்பத்தொன்று என்ற எண்ணையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடி கொண்டுவந்தவன் ஒரு தப்பைக்கூட எழுதிக் காட்டினதில்லை என்று அவர் சொன்னது, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்து, அந்த லாயத்தில் அவர் ஒருவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டார்.

"குளம்பு எப்படி விழுந்தது? கனமாவா, லேசாவா?"

"ஐயா?"

"ஆள் ஏறின குதிரை அழுத்தி மிதிக்கும். முன்னங்காலும் பின்னங்காலும் ஒரு தாளத்துல வரும், ஏன்னா மேல இருக்கறவன் பிடிச்சிருக்கான். வெறும் குதிரை அப்படி மிதிக்காது. சீட்டி அறுகறதுக்கு முன்னாடி, வெடிக்கு முன்னாடி, எப்படி விழுந்தது?"

நாச்சியார் கண்ணை மூடினாள். இதைக் கவனிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள் குதிரை ஏறினதில்லை. ஆனால் அன்று காலை அவளிடம் இரண்டு காதிலும் குதிரைகள் இருந்தன, இன்றையதும் நாளையதும் பக்கத்தில் பக்கத்தில். வெளிக் காதில் அம்மி தூக்கிப் போட்டாற்போல் தொம் தொம்மென்று ஒரு சீராக. பாறைக் காதில்...

"லேசா இருந்ததுய்யா" என்றாள். "இஷ்டத்துக்கு விழுந்தது. ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி. ஸ்கூல் விட்ட பிள்ளைங்க மாதிரி."

கர்னல் சங்கரலிங்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்தை நாச்சியார் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் தடவையாக, கீழே குதிரை இல்லாத மனிதர் மாதிரி உட்கார்ந்தார்.

"சேணத்துல யாரும் இல்லை" என்றார். "நாளைக்குக் குதிரை போகும். ஆள் போகலை."

"அப்ப சீட்டி?" என்றார் மேஜர்.

"சீட்டி எங்கருந்துன்னு பாறை சொல்லாதுன்னு இவளே எழுதியிருக்கா. மேல, முகட்டுலருந்து அடிக்கலாம்."

சுடலைமுத்து வாசலை விட்டு உள்ளே வந்தான். உத்தரவு இல்லாமல் உள்ளே வரக் கூடாது. "ஐயா, அதுங்களைத் தனியாவா அனுப்பச் சொல்லுதீய? அதுங்க நம்மள நம்பிப் போகும். தீவனச் சாவடிக்குப் போறோம்னு நெனைச்சுப் போகும். என் குதிரைக்கு ஒம்பது வயசு."

"என்னுது பதினோரு வருஷம் என்கூட இருக்கு" என்றார் கர்னல். "முதல்ல அதைத்தான் அனுப்பப்போறேன். பதினாலுல ஒண்ணை நிறுத்திட்டு அதைச் சேத்துக்கோ."

"ஐயா..."

"அன்னைக்குப் பத்தொன்பது பேர் நின்னாங்க, சுடலை. இறங்குங்கன்னு நான் சொல்லலை. குதிரைப்படையில அந்த வார்த்தையே கிடையாதுன்னு இருந்துட்டேன். இப்பச் சொல்றேன். இறங்கு."

மறுநாள் காலை, வெயில் பாறையின் மூக்கைத் தொடுகிற நேரத்தில், முந்நூறு குதிரைக்காரர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக வயிற்றால் ஊர்ந்து முகட்டில் படுத்திருந்தார்கள், பூட்ஸில் முள் குத்தி, வாயில் வராத கெட்ட வார்த்தையை மென்றுகொண்டு. ஆறு நாற்பதுக்கு லாயத்துக் கதவு திறந்தது. பதினான்கு குதிரைகள், ஒருவரும் தட்டாமல், ஒருவரும் சொல்லாமல், முப்பது வருஷத்துப் பழக்கத்தில் கணவாய்க்குள் போயின. கணவாயின் அடியில் இன்னும் மங்கல்தான், சேணம் காலி என்று தூரத்திலிருந்து தெரியாது. முகட்டில் படுத்திருந்த சுடலைமுத்து சீட்டியடித்தான். கீழே அவனுடைய குதிரை காதை நிமிர்த்தி, தலையைத் திருப்பி அவனைத் தேடியது. அப்போதுதான் கீழ்மலையார்களின் முதல் வெடி வெடித்தது, சீட்டி அறுந்தது, அப்புறம் நடந்ததெல்லாம் நோட்டில் எழுதியிருந்தபடி ஒன்று பிசகாமல் நடந்தது. கத்தின ஆட்கள் யார் என்று மட்டும் நோட்டில் இருக்கவில்லை. கீழ்மலையார்கள் நூற்றெழுபது பேர் பாறை இடுக்குகளில் மாட்டிக்கொண்டார்கள். பதினோராவது நிமிஷத்தில் வெள்ளைத்துணி காட்டினார்கள். வடமலையில் ஒருவனுக்கு முழங்கை சிராய்த்தது. குதிரைகளில் ஒன்பது எழுந்திருக்கவில்லை.

ஊர் ஜெயித்ததைப் பழக்கிக்கொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை; அமீர் பாய் எல்லோருக்கும் இலவசமாக டீ ஊற்றினார். நாச்சியார் டீ குடிக்கவில்லை. வழக்கம்போல் சேணத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுடலைமுத்து வந்து, பாறைக்குக் கீழே, அவள் கால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் சட்டையில் முகட்டு மண் அப்பியிருந்தது. கணவாய்க்குள் கர்னல் தனியாக நின்றுகொண்டிருந்தார், ஒரு செந்நிறக் குதிரையின் பக்கத்தில், அதைத் தொடாமல்.

"நீ அன்னைக்கே சொன்னே. சரியாத்தான் சொன்னே" என்றான் சுடலைமுத்து. "ஆனா உன்மேல எனக்குக் கோவம் தீரலை."

"தீர வேண்டாம்ண்ணே. உயிரோட கோவப்படு."

அவன் மூக்கைச் சிந்தினான். சிரித்தானா என்று தெரியவில்லை.

"நாளைக்கு என்ன கேக்கு?"

அவள் குனிந்து காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். நோட்டைத் திறந்து இடது பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"மண்வெட்டி" என்றாள். "கல்லு நிலம் போல, நங்கு நங்குன்னு விழுது. பேச்சே இல்லை. பதினாலு மண்வெட்டி."

"ஒம்போது குதிரைக்குப் பதினாலா?" என்றவன் தானே தலையாட்டிக்கொண்டான். "ஆமா. எல்லாரும்தான் வருவாவ." எழுந்து மண்ணைத் தட்டினான். "லாயத்துல நாலுதான் கெடக்கு. ஊருக்குள்ள போய்க் கேட்டு வாங்கணும்."

"இரு. பதினஞ்சு."

"என்னது?"

"பதினஞ்சு மண்வெட்டி. ஒண்ணு தாளம் இல்லாம விழுது. ஆழமா விழாம மேலயே விழுது. மண்வெட்டியே பிடிச்சறியாத கை."

சுடலைமுத்து கணவாய்க்குள் திரும்பிப் பார்த்தான். நாச்சியாரும் பார்த்தாள். வலது பக்கத்தில், அது யாரென்று எழுத வேண்டிய இடத்தில், அவள் பேனாவை வைத்தாள், எடுத்துவிட்டாள். பதினைந்து என்று மட்டும் எழுதினாள்.

அவன் ஊரைப் பார்த்து இறங்கிப் போனான், மண்வெட்டி கேட்க.